மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் அஸ்வகந்தா வேர்ப்பொடி: 12 வாரத் திட்டம், தைராய்டு, கல்லீரல் எச்சரிக்கைகளோடு

இது ஒரே ஒரு விஷயத்துக்கான வழிகாட்டி. உடல் மற்றபடி நன்றாக இருக்கும் ஒருவர், மன அழுத்தத்தாலோ தூக்கம் கெட்டதாலோ அஸ்வகந்தா வேர்ப்பொடியை (அமுக்கராக் கிழங்குப் பொடி) 8 முதல் 12 வாரம் சாப்பிட்டுப் பார்க்க நினைக்கிறார். அவர் எதை முதலில் செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நானே இரண்டு முறை இப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். உறவிலும் நட்பிலும் பலர் ஆரம்பித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தவறு பொடியில் இல்லை, வரிசையில்தான். பொடியை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பரிசோதனை, குறிப்பு, நிறுத்தும் தேதி எல்லாம் ஏதாவது கோளாறு வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகின்றன.

1. சாப்பிடவே கூடாதவரா என்று முதலில் பாருங்கள்

கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் உள்ளவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், எப்போதாவது ஒரு மருந்தாலோ மூலிகையாலோ மஞ்சள் காமாலை வந்தவர்கள் ஆகியோருக்கும் அதே பதில்தான். ஹார்மோனைச் சார்ந்து வளரும் புரோஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். இது டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டக்கூடும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, ஸ்டீராய்டு இவற்றில் ஏதாவது ஒன்று சாப்பிடுபவர்கள். தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்களும் இதில் அடக்கம். காரணம் எளிது. அஸ்வகந்தா தூக்கக் கலக்கத்தைக் கொஞ்சம் கூட்டும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடவும் கூடும். தனியாக இருக்கும்போது பெரிதாகத் தெரியாத இந்த விளைவு, அதே வேலையைச் செய்யும் மாத்திரையோடு சேரும்போது தெரிய ஆரம்பிக்கும்.

தூக்கமின்மையிலும் ஒரு பிரிவு உண்டு. பலமாகக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு வேண்டியது மூச்சுக்கான பரிசோதனை. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறவர்கள் பொடியைத் தேடி நாளைக் கடத்தாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2. வாங்குவதற்கு முன் ரத்தப் பரிசோதனை

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் படி. நான் விடாப்பிடியாக நிற்பதும் இதில்தான்.

இரண்டே பரிசோதனைகள். ஒன்று தைராய்டுக்கானது: தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., கூடவே டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைக் காட்டும் எஃப்.டி.4. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் டி.எஸ்.எச். இறங்கும், குறைவாகச் சுரந்தால் ஏறும். இன்னொன்று கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை. இதில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற மூன்று நொதிகளும், காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபினும் இருக்க வேண்டும்.

டி.எஸ்.எச். எதற்கு? படபடப்பு, எரிச்சல், கை நடுக்கம், படுத்தால் தூக்கம் பிடிக்காமை எல்லாம் மன அழுத்தத்தின் அடையாளங்கள் என்று நினைக்கிறோம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே பட்டியல்தான். அப்படிப்பட்டவர் பரிசோதனை செய்யாமல் அஸ்வகந்தாவைத் தொடங்கினால், ஏற்கெனவே ஏறியிருக்கும் தைராய்டு ஹார்மோனை இன்னும் ஏற்றும் பொருளைத்தான் உள்ளே போடுகிறார். தூக்கம் இன்னும் கெடும். அளவு போதவில்லை போலிருக்கிறது என்று பொடியைக் கூட்டுவார். டி.எஸ்.எச். சாதாரணமாக ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கும். அதற்குக் கீழே வந்தால் பொடி பேச்சே வேண்டாம். மேலே வந்தாலும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். களைப்பும் மந்தமும் தைராய்டு குறைவாகச் சுரப்பதாலேயே வந்திருக்கலாம்.

முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறைய. அதிக அளவு பயோட்டின் பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனையைக் குழப்பிவிடும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள். பரிசோதனை செய்கிறவரிடமும் சொல்லுங்கள்.

கல்லீரல் பரிசோதனை இப்போது எதற்கு? பின்னால் ஒப்பிட ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான். கொழுப்புக் கல்லீரலால் எஸ்.ஜி.பி.டி. முன்பே 70 இருந்த ஒருவருக்கு, ஆறாவது வாரத்தில் 75 என்று வந்தால் அது செய்தியே இல்லை. முன்பு 20 இருந்தவருக்கு 75 என்றால் அது செய்தி. முதல் எண் இல்லாவிட்டால் இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க வழியே கிடையாது. அந்த 70க்காரர் தொடங்கவே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

3. ஏழு நாள் தூக்கக் குறிப்பு

பொடி இன்னும் வாயில் போகவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: விளக்கணைத்த நேரம், தூங்க எவ்வளவு நேரமானது, நடுவில் எத்தனை நிமிடம் விழித்திருந்தீர்கள், படுக்கையை விட்டு எழுந்த நேரம். நிமிடக் கணக்கு உத்தேசமாக இருந்தால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் முதல் முறை எழுதிய வாரத்தில், படுக்கையில் கழித்தது சராசரி 7 மணி 30 நிமிடம். தூங்கியது 5 மணி 40 நிமிடம். அதாவது 450 நிமிடத்தில் 340 நிமிடம், ஏறக்குறைய 76 சதவீதம். தூக்கம் பிடிக்க மட்டும் 50 நிமிடம் ஆனது. இந்த எண்கள் கையில் இல்லாதிருந்தால், எட்டாவது வாரத்தில் என்ன மாறியது என்பதை என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒரு நல்ல இரவு வந்தால் பொடி வேலை செய்கிறது என்றும், ஒரு மோசமான இரவு வந்தால் வீண் என்றும் மனசு சொல்லும்.

அதே வாரத்தில் ஒரு தேதியையும் எழுதிவையுங்கள்: தொடங்கும் நாளிலிருந்து 84ஆவது நாள். அன்றைக்கு நிறுத்தம். காரணம் 8ஆவது படியில்.

4. எந்தப் பொடி

உங்களுக்கு வேண்டியது வேரை மட்டும் அரைத்த பொடி. பாக்கெட்டில் விதானியா சோம்னிஃபெரா என்ற தாவரப் பெயரும், வேர் என்ற சொல்லும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். ஈயம், பாதரசம், ஆர்செனிக், காட்மியம் ஆகியவற்றுக்குப் பரிசோதித்த அறிக்கையைக் காட்டுகிற தயாரிப்பாளர் என்றால் இன்னும் நல்லது.

மூன்று இடத்தில் ஆள்கள் ஏமாறுகிறார்கள். முதலாவது, அமுக்கரா சூரணம். சித்த மருத்துவத்தில் இது தனி வேர்ப்பொடி இல்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு முதலியவற்றோடு சர்க்கரையும் சேர்ந்த கூட்டு மருந்து. நல்ல மருந்துதான், ஆனால் அதை வேர்ப்பொடி என்று நினைத்து எடை போட்டால் கணக்கு தவறும். சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு சிக்கலும் வரும். மிளகும் திப்பிலியும் மற்ற மாத்திரைகள் உடலில் சேரும் விதத்தை மாற்றக்கூடியவை என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, இலை கலந்த பொடி. இலையில் விதாஃபெரின் ஏ என்ற, உயிரணுக்களைப் பாதிக்கக்கூடிய பொருள் வேரைவிட அதிகம். சுத்தமான வேர்ப்பொடி வெளிர் பழுப்பு அல்லது மங்கிய சந்தன நிறத்தில் இருக்கும். வாயில் போட்டால் கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு, மண்வாசனை. பச்சை சாயல் தெரிந்தால் இலை சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மூன்றாவது, எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல். இதில்தான் பெரிய குழப்பம், அதனால் அடுத்த படி முழுக்க அதற்கே.

5. கிராமும் மில்லிகிராமும்: அளவைக் கலக்காதீர்கள்

மன அழுத்தம், தூக்கம் பற்றி நீங்கள் படிக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் பொடியை வைத்துச் செய்தவை அல்ல. வேரிலிருந்து செறிவாக்கி எடுத்த எக்ஸ்ட்ராக்டை வைத்துச் செய்தவை. 2012இல் வெளியான, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் 64 பேர் இருந்தார்கள். மருந்து பெற்றவர்கள் 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்டைத் தினம் இருவேளை, 60 நாள் சாப்பிட்டார்கள். தூக்கத்துக்கான ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்த 2021ஆம் ஆண்டு அலசல் சொன்னது இது: பலன் சிறியது, ஆனால் உண்மையானது. தூக்கமின்மை நோயாகவே உள்ளவர்களிடமும், தினம் 600 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்டவர்களிடமும், 8 வாரமும் அதற்கு மேலும் தொடர்ந்தவர்களிடமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

600 மில்லிகிராம் என்று படித்துவிட்டு 600 மில்லிகிராம் பொடியைச் சாப்பிடுகிறவர், செறிவாக்காத வேரில் ஒரு சிட்டிகையைத்தான் சாப்பிடுகிறார். அது தவறினாலும் ஆபத்தில்லை. இதைத் திருப்பிச் செய்வதுதான் ஆபத்து. 'தினம் 3 கிராம்' என்று பொடிக்குச் சொன்னதை எக்ஸ்ட்ராக்டுக்கு எடுத்துக்கொண்டு ஆறு, ஏழு கேப்சூல் விழுங்கினவரை எனக்குத் தெரியும். வேர்ப்பொடிக்கு ஆயுர்வேத மருந்து நூல்கள் தரும் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். வைத்தியர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுபவருக்கு 3 கிராம் போதும் என்பது என் முடிவு. ஒரே நேரத்தில் பொடியும் கேப்சூலும் வேண்டாம். தூக்கத்துக்கான கலவை மாத்திரைகள், உடற்பயிற்சிப் பானப்பொடிகள் ஆகியவற்றிலும் அஸ்வகந்தா இருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

சரி, 3 கிராமை எப்படி அளப்பது? சமையலறைத் தராசில் 3 கிராமை நேராக எடை போட்டால் நம்ப முடியாது, ஒரு கிராம் அங்கே இங்கே போகும். நான் செய்வது இப்படி: நீங்கள் தினமும் பயன்படுத்தப் போகும் அதே கரண்டியால், கத்தி முதுகால் தலைதட்டி, பத்துக் கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு எடை பாருங்கள். எனக்கு 26 கிராம் வந்தது. ஒரு கரண்டி 2.6 கிராம், தினம் ஒன்று போதும். அதே கரண்டியைக் குவித்து எடுத்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. குவித்து எடுப்பவர்கள் தெரியாமலேயே 5 கிராமைத் தாண்டுகிறார்கள்.

6. தொடங்குவது: முதல் இரண்டு வாரம்

முதல் வாரம் பாதிக் கரண்டி மட்டும், இரவு உணவுக்குப் பின், படுக்க ஒரு மணி நேரம் முன்பு. பாதியில் தொடங்கக் காரணம் வயிறு. வயிற்றுப் பொருமல், குமட்டல், இளக்கமான மலம் இவைதான் அடிக்கடி வரும் தொல்லைகள், பெரும்பாலும் முதல் நாள்களிலேயே தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் கூடுதலாக வரும்.

பொடி கரையாது. அப்படியே தம்ளரில் போட்டுக் கலக்கினால் மேலே மிதக்கும், அப்புறம் அடியில் தங்கும், பாதிப் பொடி தம்ளரோடு கழுவப்பட்டுப் போய்விடும். முதலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, பிறகு மீதியை ஊற்றிக் கலக்கி, குடித்து முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்துவிடுங்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து முழுக் கரண்டி. பகல் பதற்றம்தான் பெரிய தொல்லை என்றால் அதையே காலை பாதி, இரவு பாதி என்று பிரிக்கலாம். ஆனால் காலையில் சாப்பிட்டுத் தூக்கக் கலக்கம் வருகிறதா என்று பார்க்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

இந்த 12 வாரத்தில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். புதிய சத்து மாத்திரை, வேறு மூலிகை, மெலடோனின் எதுவும் வேண்டாம். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் காரணம் எது என்று தெரிய வேண்டும். மதுவையும் விட்டுவிடுங்கள்: தூக்கத்தையும் கெடுக்கும், கல்லீரலுக்கும் கூடுதல் சுமை.

இது தூக்க மாத்திரை இல்லை. முதல் இரவே எதையும் எதிர்பார்க்காதீர்கள். மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு எட்டு வாரம் வரை. மூன்றாவது நாள் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரட்டிப்பாக்குவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் வழக்கமான தவறு.

7. நடுவில் கவனிக்க வேண்டியது: தைராய்டும் கல்லீரலும்

தைராய்டு

அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை மேலே தள்ளும் போக்குடையது. டி.எஸ்.எச். லேசாகக் கூடியிருந்த 50 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், தினம் 600 மில்லிகிராம் வேர் எக்ஸ்ட்ராக்ட் 8 வாரம் கொடுத்ததில் டி.எஸ்.எச். இறங்கியது, தைராய்டு ஹார்மோன்களான டி3யும் டி4ம் ஏறின. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் 'தைராய்டுக்கு நல்லது' என்கிறார்கள். தைராய்டு குறைவாக உள்ள ஒருவருக்கு எட்டு வாரத்தில் எண் நகர்ந்தது என்பதுதான் அதன் பொருள். நோய் தீர்ந்தது என்று பொருளில்லை. ஏற்கெனவே மருந்தால் சமநிலையில் இருப்பவருக்கு அதே நகர்வு தொல்லை. அஸ்வகந்தா சாப்பிட்ட பின் தைராய்டு மிகையாகி நாடித்துடிப்பு ஏறிய நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

என் சித்தியின் கதையை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். பல வருடமாகத் தைராக்சின் 50 மைக்ரோகிராம் சாப்பிடுபவர். டி.எஸ்.எச். 2.8இல் நிலையாக இருந்தது. மகள் திருமண வேலையில் தூக்கம் போய், யாரோ சொன்னார்கள் என்று பொடியைத் தொடங்கினார். ஐந்தாவது வாரம் படிக்கட்டு ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை வியர்த்தது, தூக்கம் முன்பைவிட மோசம். கல்யாண டென்ஷன் என்று பொடியை இரண்டு கரண்டியாக்கினார். ஏழாவது வாரம் பரிசோதித்தால் டி.எஸ்.எச். 0.2. மருத்துவர் தைராக்சினைப் பாதியாகக் குறைத்தார்.

அன்று மாலை நான் கேட்டேன்: "சித்தி, பொடி சாப்பிடறத டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது மருந்தா என்ன? வேர்தானேடா."

இங்கேதான் இரண்டாவது குழி. மாத்திரையைக் குறைத்த அதே வாரம் அவர் பொடியையும் நிறுத்தியிருந்தார். தள்ளிக்கொண்டிருந்த கை போய்விட்டது, மாத்திரையும் பாதியாகிவிட்டது. மறுநாளே மருத்துவரிடம் போய் முழுக்கதையையும் சொன்னதால் அவர் பழைய அளவையே திரும்ப எழுதி, ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னார். அப்போது எண் 3.1. சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த இரண்டு மாதம் குறைந்த மருந்தில் மந்தமாகி, அது ஏன் என்று தெரியாமல் அலைந்திருப்பார்.

ஆகவே தைராக்சின் சாப்பிடுபவர் மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே தொடங்க வேண்டும், மூன்று முறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும்: தொடங்கும் முன், ஆறாவது வாரம், நிறுத்திய பின் ஆறாவது வாரம். ஆறு வாரம் என்பது சும்மா சொன்ன எண் இல்லை. ஹார்மோன் அளவு மாறியபின் டி.எஸ்.எச். புதிய இடத்தில் நிலைகொள்ள அவ்வளவு காலம் ஆகும். மூன்று வாரத்தில் பார்த்தால் பாதி வழியில் நிற்கும் எண்ணைப் படிப்பீர்கள். மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம்.

தைராய்டு பிரச்சினை இல்லாதவருக்கு அடையாளங்களே போதும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட 15, 20 கூடுதலாக நீடிப்பது, விரல்களை நீட்டினால் நடுக்கம், வெயில் தாங்காமை, சாப்பிட்டும் எடை குறைவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் பொடியை நிறுத்திவிட்டு டி.எஸ்.எச். பாருங்கள்.

கல்லீரல்

அரிதானது, ஆனால் வந்தால் லேசானதில்லை. 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அஸ்வகந்தா தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, அதோடு நீடித்த அரிப்பு. யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை, ஆனால் நால்வருக்குப் பரிசோதனை எண்கள் பழைய நிலைக்கு வர 1 முதல் 5 மாதம் ஆனது. ஐந்தாமவர் பின்தொடர் பரிசோதனைக்கு வரவில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து வந்த தொகுப்பு இன்னும் கடுமையானது. ஏற்கெனவே நாட்பட்ட கல்லீரல் நோய் இருந்தவர்களில் மூவருக்குக் கல்லீரல் செயலிழந்து, மூவரும் இறந்தார்கள். முதல் படியில் கல்லீரல் நோயாளிகளை நான் திட்டவட்டமாக விலக்கியது இதனால்தான். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பரிசோதனையும் இல்லை.

அடையாளங்கள் வரும் வரிசை முக்கியம், ஏனென்றால் கண் மஞ்சளாவதற்காகக் காத்திருப்பவர் தாமதமாக வருகிறார். பெரும்பாலும் முதலில் பசியின்மை, குமட்டல், இனம் புரியாத அசதி. பிறகு அரிப்பு: தோலில் தடிப்பே இல்லாமல், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, இரவில் அதிகமாகும் அரிப்பு. சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போகும், மலம் வெளுக்கும். கண் மஞ்சள் அதன் பிறகுதான். தடிப்பில்லாத அரிப்பைத் தோல் வறட்சி என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பதும், கருத்த சிறுநீரை 'சூடு' என்று தண்ணீர் குடித்துச் சமாளிப்பதும் நான் பார்த்த தவறுகள்.

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய கரண்டியை எடுக்காதீர்கள். மறுநாளே கல்லீரல் பரிசோதனை. பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டாம், மீதிப் பொடியோடு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கலப்படம் இருந்தால் அதைப் பரிசோதிக்க அந்தப் பொடிதான் சாட்சி. காமாலைக்கு என்று வேறு மூலிகையை அதற்குள் தொடங்க வேண்டாம். காய்ச்சல், உடல்வலி என்று பாராசிட்டமாலையும் நீங்களாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். மஞ்சளோடு குழப்பமான பேச்சு, பகலில் அடக்க முடியாத தூக்கம், எளிதில் ரத்தக்கசிவு இருந்தால் வீட்டில் காத்திராமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

எண்களை எப்படிப் படிப்பது? எஸ்.ஜி.பி.டி. சாதாரண அளவின் உயர் எல்லையைப்போல் மூன்று மடங்குக்கு மேலும், பிலிருபின் உயர் எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் சேர்ந்து போனால் அது தீவிரமான பாதிப்பு, அன்றே மருத்துவர். அஸ்வகந்தாவில் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸும் பிலிருபினும் மேலோங்கி, எஸ்.ஜி.பி.டி. சுமாராக மட்டும் ஏறுவதும் உண்டு. அதனால் எஸ்.ஜி.பி.டி. மட்டும் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று விடக்கூடாது.

எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும் ஆறாவது வாரத்தில் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்யச் சொல்வேன். இது எல்லோருக்கும் விதித்த மருத்துவ விதி இல்லை, என் வழக்கம். பாதிப்பு வரும் காலம் 2 முதல் 12 வாரம் என்பதால் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். ஒரு முறை கல்லீரல் பாதித்தது அஸ்வகந்தாவால்தான் என்று தெரிந்தால், எண்கள் சரியான பிறகும் மீண்டும் முயல வேண்டாம். வேறு நிறுவனத்தின் பொடியாக இருந்தாலும் சரி. இரண்டாவது முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் கடுமையாக வரலாம்.

8. எட்டாவது வாரம் முடிவு, பன்னிரண்டாவது வாரம் நிறுத்தம்

எட்டாவது வாரம் மறுபடி ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள். எனக்கு வந்தது: படுக்கையில் 7 மணி 20 நிமிடம், தூங்கியது 6 மணி 10 நிமிடம். 440இல் 370, அதாவது 84 சதவீதம். தூக்கம் பிடிக்க 30 நிமிடம். கூடுதலாகக் கிடைத்தது அரை மணி நேரம். ஒரு பாகம் பொடியாலும், ஒரு பாகம் மதுவை விட்டதாலும் நேரத்துக்குப் படுத்ததாலும் இருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எண்ணில் எந்த மாற்றமும் இல்லை என்றால் எட்டாவது வாரமே நிறுத்திவிடுங்கள். அளவைக் கூட்டி இன்னொரு மாதம் தள்ளுவதில் பயனில்லை. நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது மனநல ஆலோசகரோடு செய்யும் தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சி. அந்தப் பக்கம் போங்கள்.

பலன் இருந்தால் 84ஆவது நாள் வரை. அப்புறம் நிறுத்தம். ஆய்வுகளில் பெரும்பாலானவை 8 முதல் 12 வாரத்தோடு முடிகின்றன. அதற்குள் பாதுகாப்பு ஓரளவு தெரிந்த விஷயம். அதைத் தாண்டி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிடுவதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. 'இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லை' என்பது ஆதாரம் ஆகாது. பொடியை ஒரே நாளில் நிறுத்தலாம். விட்டதும் தூக்கம் கெடும் என்ற பயம் இருந்தால் கடைசி வாரம் பாதிக் கரண்டியாக்குங்கள். தூக்க மாத்திரையையும் ஏற்கெனவே சாப்பிட்டுவந்தவர் அதைத் தானாக விடக்கூடாது, அது வேறு கணக்கு.

அறுவை சிகிச்சை தேதி குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள். நடுவில் கர்ப்பம் உறுதியானால் அன்றே நிறுத்துங்கள்.

9. இடைவெளி

நிறுத்திய பின் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடுகிறேன். இந்த நான்கு ஆய்வு கொடுத்த எண் இல்லை, நானே வைத்துக்கொண்டது. இடைவெளியின் மூன்றாவது வாரம் இன்னொரு முறை ஏழு நாள் குறிப்பு எழுதினேன்: தூங்கியது 6 மணி 5 நிமிடம். பொடி இல்லாமலும் அதே தூக்கம் நின்றது, அதனால் உடனே மறுசுற்றுக்குப் போகவில்லை. இரண்டாவது முறை சாப்பிட்டது ஒரு வருடம் கழித்து. அப்போதும் முதல் படியிலிருந்து, ரத்தப் பரிசோதனையோடு, புதிய பாக்கெட்டை எடை போட்டுத்தான் தொடங்கினேன். இந்த முறை பொடி இன்னும் நைசாக இருந்தது, பத்துக் கரண்டி 22 கிராம்தான் வந்தது.